அந்த உடுப்பு யாருடையது, அந்தப் படம் யாருடையது?

(கீழக்கரையில் ஜவுளிக்கடைக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் என்று கடற்கரை நெடுகிலும் இருந்து வந்திருக்கிற கடைக்காரக் காக்காமார்களுக்கும், அண்ணாச்சிகளுக்கும், ஸ்டுடியோ நடத்துகிற தம்பி தங்கைகளுக்கும் என் அன்பு. கேமராவும் எடிட்டிங்கும் என் தொழில். அப்புறம் சட்டமும் படித்தேன். இரண்டும் சந்திக்கிற ஓர் இடத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

பெருநாள் நெருங்குகிறது. கடை முதலாளி போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார். டெல்லியில் இருக்கிற பெரிய டிசைனர் ஒருவரின் லெஹங்கா, ஒரு நடிகை போட்டிருக்கிறார். “தம்பி, இந்த உடுப்பை நம்ம மாடல் பிள்ளைக்குப் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சுத் தாங்க. முகம் நம்ம பிள்ளையோடதுதானே, யாரு கேக்கப் போறா?” தம்பியும் “சரி காக்கா” என்று உட்கார்ந்துவிடுகிறார். டிசைனரின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து படத்தை இறக்குகிறார். பென் டூலால் உடையின் ஓரம் முழுக்க வெட்டுகிறார். நம்ம பிள்ளையின் கழுத்துக்கும் கைக்கும் பொருந்தும்படி வார்ப் பண்ணுகிறார். சிவப்பைப் பச்சையாக்குகிறார். மூலையில் இருந்த பெயரை அழிக்கிறார். இரவு 11 மணிக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குக் கோப்பு போய்விடுகிறது.

இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “டிசைனரோட டிரெஸ்ஸைக் காப்பி அடிக்கலாமா, கூடாதா?” அந்தத் தம்பி டிரெஸ்ஸைக் காப்பி அடிக்கவே இல்லை. ஊசியையும் நூலையும் அவர் தொடவில்லை. அவர் எடுத்தது ஒரு புகைப்படத்தின் பெரும்பகுதியை. உடுப்புக்கான சட்டம் வேறு, படத்துக்கான சட்டம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மற்றது விளங்கும்.

முதலில் உடுப்பு. நம்மில் பலர் நினைப்பதைவிட இந்தியச் சட்டம் இதில் டிசைனருக்குக் குறைவாகத்தான் தருகிறது. எல்லாரும் தைக்கிற வழக்கமான வெட்டும் வடிவமும் பொதுச் சொத்து. அனார்கலி, பஃப் கை, படகுக் கழுத்து இவற்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. துணியில் வரைந்த பூ வேலை, அச்சு, எம்பிராய்டரி அமைப்பு இவை கலைப் படைப்பாகலாம். ஆனால் அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு டிசைனை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருந்தால் அதற்குப் பதிப்புரிமை இல்லை, அந்தப் பதிவு தருகிற பாதுகாப்புதான். அது 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 5. பதிவு செய்யக்கூடியதாக இருந்தும் பதிவு செய்யாமல் விட்டு, அதை வைத்து உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் பொருள் தயாரித்துவிட்டால், பதிப்புரிமையும் போய்விடுகிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை. ரிது குமார் பெயரில் விற்கிற ரிதிகா நிறுவனம், பீபா நிறுவனத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. டிசைன்களைப் பதிவு செய்யவில்லை, 50 உடைகளுக்கு மேல் தைத்தாயிற்று, அதனால் பதிப்புரிமை கோர முடியாது என்று 2016இல் தீர்ப்பு வந்தது. அதே நீதிமன்றத்தில் டிசைனர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தொடுத்து, 2008இல் தீர்ப்பு வந்த வழக்கில் நிலைமை வேறு. அங்கே உடைகள் 50 எண்ணிக்கையைத் தாண்டவில்லை. உரிமை நின்றது.

இதிலிருந்து கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடை கடையாகத் தொங்குகிற ரெடிமேட் வகையில் டிசைனரின் பிடி தளரலாம். ஆனால் நாம் ஃப்ளெக்ஸுக்கு ஆசைப்படுவது எதை? நடிகை விழாவுக்குப் போட்டுவந்த, கையால் மாதக்கணக்கில் ஜரிகை வேலை செய்த ஒற்றை உடையை. ஒன்றோ இரண்டோதான் தைத்திருப்பார்கள். பதிப்புரிமை முழுசாக நிற்க அதிக வாய்ப்பு இருப்பது அந்த வகைக்குத்தான்.

இப்போது படத்துக்கு வருவோம். இங்கே 50 என்ற வரம்பே கிடையாது. புகைப்படம் தனியான கலைப் படைப்பு. படமெடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளும் அதற்குப் பாதுகாப்பு. உரிமை படமெடுத்தவருக்கோ, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கோ இருக்கும். டிசைனர் அந்த உடுப்பின் மேல் எல்லா உரிமையையும் இழந்திருந்தாலும், அந்தப் படத்தின் உரிமை அப்படியே இருக்கும். அதனால்தான் பென் டூலைத் தொடும்போதே நீங்கள் சட்டத்தின் பலமான பக்கத்தோடு மோதுகிறீர்கள்.

“முகத்தை மாத்தியாச்சு, நிறத்தை மாத்தியாச்சு, முப்பது சதவீதம் மாத்தினா போதும்னு சொல்றாங்களே” என்று ஒரு தம்பி கூட்டம் தொடங்குமுன் கேட்டார். அப்படி ஒரு சதவீதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது. இரண்டையும் பார்த்த சாதாரண ஆளுக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் தப்பாமல் வருகிறதா என்பதுதான் அது. அது நாடகம், சினிமா பற்றிய வழக்கு. ஆனால் நம் ஃப்ளெக்ஸுக்கும் அதே பார்வைதான். படத்தில் முக்கால்வாசி இடத்தை அடைப்பது உடுப்பு. பார்க்கிறவர் கண் போவதும் அதன் மேல்தான். முக்கியமான பகுதியை எடுத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றினால் அது மாற்றமாகாது.

நிரூபிக்க முடியாது என்றும் நினைக்காதீர்கள். தொழில் தெரிந்தவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். துணியின் மடிப்பை. ஒரு லெஹங்காவை அதே பெண் ஒரே நாளில் இரண்டு முறை உடுத்தினாலும் மடிப்பு ஒரே மாதிரி விழாது. இடுப்பில் ஒரு சுருக்கம், முழங்காலருகே ஒரு குழி, தரையில் ஓரம் மடங்கும் விதம் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். உங்கள் ஃப்ளெக்ஸில் இருக்கிற மடிப்பும் டிசைனர் படத்தில் இருக்கிற மடிப்பும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால், நிறம் பச்சையா சிவப்பா என்று யாரும் கேட்கப் போவதில்லை. இடம் வலமாகப் புரட்டிப் போடுகிறவர்களும் உண்டு. புடவையாக இருந்தால் நம்மூர்க் கட்டில் முந்தானை இடது தோளில் கிடக்க வேண்டும், புரட்டினால் வலது தோளுக்குப் போய்விடும். வெளிச்சமும் காட்டிக்கொடுக்கும். உடையில் நிழல் ஒரு பக்கமும் மாடலின் மூக்கு நிழல் இன்னொரு பக்கமும் விழுந்தால் ஒட்டு வேலை என்று பார்த்ததும் தெரியும். மூலப் படத்தைத் தேடிப்பிடிப்பதும் சுலபம். கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினாலே பெரும்பாலும் வந்துவிடும்.

“நன்றி” என்று டிசைனர் பெயரைக் கீழே போட்டால் போதுமா? போதாது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. சட்டம் நியாயமான பயன்பாடு என்று 52ஆம் பிரிவில் விட்டுவைத்திருப்பது சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு. கடை விளம்பரம் அதில் வராது. பெயரைப் போட்டால் சில சமயம் சிக்கல் கூடும். அந்த டிசைனருக்கும் உங்கள் கடைக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஜனங்கள் நினைத்தால் அது வணிக முத்திரைப் பிரச்சினை. நடிகையின் முகத்தையும் விட்டுவைத்திருந்தால் அவருடைய தனி உரிமையும் சேர்ந்துகொள்ளும்.

வழக்கு வந்தால் எங்கே நடக்கும்? டிசைனர் தான் குடியிருக்கிற அல்லது தொழில் நடத்துகிற ஊரிலேயே வழக்குப் போட 62ஆம் பிரிவு வழி விடுகிறது. அதாவது கீழக்கரையில் கட்டிய ஃப்ளெக்ஸுக்காக டெல்லிக்கு ரயில் ஏற வேண்டி வரலாம். தடையாணை, நஷ்டஈடு, அந்த விளம்பரத்தால் வந்த லாபம் எல்லாம் கேட்கலாம். தெரிந்தே செய்ததாக இருந்தால் 63ஆம் பிரிவின்படி சிறை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை, அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. இது முதலாளிக்கு மட்டும் என்று எடிட்டர் தம்பிகள் நினைக்க வேண்டாம். வெட்டி ஒட்டிய கை உங்களுடையது.

சட்டத்தை இத்தோடு விடுகிறேன். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஏர்வாடியிலிருந்து ஒரு தாய் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க பஸ் ஏறி வருகிறார். ஃப்ளெக்ஸில் பார்த்த பச்சை லெஹங்காதான் மனதில் இருக்கிறது. கடையில் எடுத்துப் போடுவது மெஷின் எம்பிராய்டரி, பாலியஸ்டர் துணி, வேறு அமைப்பு. “படத்துல இருக்கிறது இது இல்லையேம்மா” என்று மகள் சொல்கிறாள். விற்பனைப் பெண் “அதே மாடல்தாம்மா” என்கிறார். இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டுவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறான விளம்பரம் என்றே சொல்கிறது. அப்படி ஒரு சட்டமே இல்லாவிட்டாலும், கடனை வாங்கி வந்திருக்கிற அந்தத் தாயிடம் இதைச் செய்யக்கூடாது.

டிசைனர் பணக்காரர், அவருக்கு என்ன நட்டம் என்பார்கள். அந்த உடையில் அவர் மட்டும் இல்லை. ஜரிகை தைத்த கைகள் உண்டு, விளக்கு பிடித்த உதவியாளர் உண்டு, படமெடுத்தவர் உண்டு. அந்தப் படமெடுத்தவர் நம் தொழிற்காரர்தான். எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2018இல் உலகப் பெரிய நிறுவனமான டியோரின் உடை ஒன்று ஒரு பத்திரிகை அட்டையில் வந்தது. அதில் இருந்த யோகாசன அச்சு, டெல்லியில் பீப்பிள் ட்ரீ என்ற சின்னக் கடைக்காக ஓரிஜித் சென் வரைந்ததுபோலவே இருந்தது. கடைக்காரர்கள் குரல் கொடுத்தார்கள், விஷயம் சமரசத்தில் முடிந்தது. நாளைக்குப் பரமக்குடியில் ஒரு நெசவாளர் போட்ட கரை வேலையைப் பெரிய கம்பெனி படத்திலிருந்து எடுத்தால் நாம் எந்த வார்த்தையில் கேட்போமோ, அதே வார்த்தைக்கு இன்று நாமும் கட்டுப்பட வேண்டும்.

சரி, என்ன செய்வது? கடையில் இருக்கிற துணியை எடுத்துப் படம் பிடியுங்கள். அந்த டிசைனர் உடை உங்களைக் கவர்ந்தால், எது கவர்ந்தது என்று பிரித்துப் பாருங்கள். கழுத்து வெட்டா, கை வடிவமா? வழக்கமான வெட்டு என்றால் அதை உங்கள் தையல்காரர் தாராளமாகத் தைக்கலாம். பூ அமைப்பை மட்டும் சொந்தமாகப் போடச் சொல்லுங்கள். அரியமான் கடற்கரையில் காலை வெளிச்சத்தில் எடுத்தால் நம் கண்ணுக்குப் பழகிய இடமாகவும் இருக்கும். காற்று துணியைத் தூக்கும், ஓரத்தில் பின் குத்திக்கொள்ளுங்கள். டிசைனரின் அசல் உடையையே நீங்கள் வாங்கி விற்கிறீர்கள் என்றால், அந்த உடையை நீங்களே படமெடுங்கள், அவர்கள் படத்தை எடுக்காதீர்கள். அவர்கள் படம்தான் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். எந்தப் படம், எந்த ஊரில், எத்தனை மாதம், ஃப்ளெக்ஸா வாட்ஸப்பா என்று குறிப்பிட்டு, பதிலை வைத்திருங்கள்.

ஏற்கெனவே ஃப்ளெக்ஸ் தொங்குகிறதென்றால் இன்றே இறக்குங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் கோப்பை அழிக்காதீர்கள், கோபத்தில் பதில் போடாதீர்கள், வக்கீலிடம் போங்கள். உரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை என்று நிரூபிக்க முடிந்தால் நஷ்டஈட்டிலிருந்து தப்பச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் தடையாணையும் லாபத்தைக் கொடுக்கச் சொல்லும் உத்தரவும் அப்போதும் வரலாம். பெயரை அழித்த கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அந்த வாதம் நிற்காது.

எடிட்டர் தம்பிகள் பில்லில் ஒரு வரி சேர்க்கலாம்: “மூலப் படங்கள் வாடிக்கையாளர் தந்தவை, அவற்றின் அனுமதிக்கு அவரே பொறுப்பு.” முதலாளி பின்னால் கைவிரித்தால் அந்த வரி அவரிடம் கேட்க உதவும். ஆனால் அது உங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும்தான். டிசைனர் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அவர் உங்கள் இருவர் மேலும் வழக்குப் போடலாம்.