அட்டவணை காலையில் தொடங்கட்டும்

(பதின்ம வயதினருக்கான உறக்கப் பழக்கக் காணொளி ஒன்றைத் தயாரிக்க முன்வந்த ஆசிரியர்களும் பெற்றோரும் கிளிநொச்சியில் கூடியபோது ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, பெற்றோர்களே,

நீங்கள் தயாரிக்கவிருக்கும் காணொளி நான்கு நிமிடங்களுக்கு மேற்படாது என்றும், அதில் அசையும் கடிகாரங்களும் ஓர் எளிய அன்றாட அட்டவணையும் இடம்பெறும் என்றும் அறிந்தேன். எனவே உறக்கத்தைப் பற்றிய அனைத்தையும் பேசாமல், அந்தக் கடிகாரம் எதைக் காட்ட வேண்டும், அந்த அட்டவணை எந்த வரியில் தொடங்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இத்தகைய காணொளிகளில் பெரும்பாலானவை “இரவு ஒன்பது மணிக்குப் படுக்கைக்குச் செல்” என்ற வரியோடு தொடங்குகின்றன. அந்த வரிதான் அவை பயன்படாமல் போவதற்கு முதற்காரணம் என்பது என் கருத்து.

கடிகாரம் காட்டும் நேரமும் நாம் வாழும் நேரமும் வேறுபடலாம் என்பதை வன்னி மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1996 இல் நாட்டின் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டபோது வன்னியின் பெரும்பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருத்திக்கொண்டார்கள், அல்லது இரண்டு நேரங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடினார்கள். 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோதுதான் அந்த வேறுபாடு நீங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளையின் உடலுக்கும் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் இடையே இருப்பது இதைவிடப் பெரிய வேறுபாடு. பருவமடையும் காலத்தில் மூளையில் உள்ள உயிரியற் கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. இருள் சூழ்ந்ததை உடலுக்கு அறிவிக்கும் மெலற்றோனின் சுரப்பு சிறுவயதில் தொடங்கிய நேரத்தைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. இந்தத் தாமதம் சிலரிடத்தில் இரண்டு மணித்தியாலம் வரை செல்லலாம். இது சோம்பலும் அல்ல, எதிர்த்துப் பேசும் வயதின் பிடிவாதமும் அல்ல.

சூரிச்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பேலி 1982 இல் முன்வைத்த விளக்கத்தின்படி உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் உடலில் சேர்ந்துகொண்டே போகும் உறக்கத் தேவை ஒன்று; அந்தத் தேவை எவ்வளவு சேர்ந்திருந்தாலும், எப்போது கண்ணயரலாம், எப்போது கூடாது என்று தீர்மானிக்கும் உடற்கடிகாரம் மற்றொன்று. வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணித்தியாலங்களில் இந்தக் கடிகாரம் உடலை மிகவும் விழிப்பாக வைத்திருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. பன்னிரண்டு மணிக்கு உறங்கிப் பழகிய பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால், நாள் முழுவதிலும் உறக்கம் வருவது மிகக் கடினமான நேரத்தில் அவனைப் பாயில் கிடத்துகிறோம். இரண்டு மணித்தியாலம் புரண்டு படுத்தபின், பாய் என்பது விழித்துக் கிடக்கும் இடம் என்று அவன் மனம் பழகிக்கொள்கிறது; அட்டவணையும் இரண்டாம் நாளோடு சுவரில் வெறுமனே தொங்கத் தொடங்கிவிடும்.

ஆகவே கட்டளையிடக்கூடிய நேரம் படுக்கும் நேரம் அன்று, எழும் நேரம்தான். உறக்கத்தை யாரும் அழைத்து வர முடியாது. எழுவதையோ, கடினமாக இருந்தாலும், ஒழுங்குபடுத்த முடியும். எழும் நேரம் நிலைபெற்று, எழுந்தவுடன் கண்ணில் பகல் வெளிச்சம் பட்டால், உடற்கடிகாரம் நாளடைவில் முன்னோக்கி நகர்ந்து, இரவில் உறக்கம் தானாகவே முன்னதாக வரும். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. முன்னிரவிலும் நள்ளிரவிலும் படும் வெளிச்சம் பின்னே தள்ளுகிறது.

இனிக் கடிகாரத்தின் வடிவத்துக்கு வருகிறேன். வழக்கமான பன்னிரண்டு மணித்தியாலக் கடிகாரத்தைக் காணொளியில் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையான உறக்கத்தை அதில் வண்ணப் பட்டையாக வரைந்தால் முகப்பின் மூன்றில் இரண்டு பங்கை அது விழுங்கிவிடும். பார்க்கும் பிள்ளை, நாளெல்லாம் உறங்கச் சொல்கிறார்களோ என்று எண்ணுவான். 24 மணித்தியால முகப்பில் அதே பட்டை மூன்றில் ஒரு பங்குதான். நண்பகலை உச்சியிலும் நள்ளிரவை அடியிலும் வையுங்கள். அப்போது காலை ஆறு இடப்புறத்திலும் மாலை ஆறு வலப்புறத்திலும் அமையும். வன்னி பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நமது சூரியோதயம் ஆண்டு முழுவதிலும் முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் முன்பின்னாக மாறுகிறது. எனவே முகப்பின் நடுவே ஒரு கிடைக்கோடு வரைந்து, மேற்பாதியைப் பகலாகவும் கீழ்ப்பாதியை இரவாகவும் வண்ணம் தீட்டினால், எந்த மாதத்தில் பார்த்தாலும் படம் ஏறக்குறைய உண்மையாகவே இருக்கும். மாரிகாலத்தில் காலை ஒன்பது மணிக்கு விடியும் நாடுகளுக்கென எடுக்கப்பட்ட காணொளிகளை அப்படியே மொழிமாற்றினால் இந்த வசதி கைநழுவிப் போகும். அவற்றில் வரும் தனி அறையும் தடித்த திரைச்சீலையும் நம் வீட்டுத்திட்ட வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பதினோராம் தரத்தில் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அவள் ஐந்தரைக்கு எழுகிறாள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு, மூன்று முதல் ஆறு வரை ரியூசன். இரவு ஒன்பது மணிக்குப் பிளேன்ரீ குடித்துவிட்டுப் படிக்கிறாள், பதினொன்றுக்குப் பின் கைத்தொலைபேசி, பன்னிரண்டுக்கு விளக்கை அணைக்கிறாள். கிடைப்பது ஐந்தரை மணித்தியாலம். 13 முதல் 18 வரையான வயதினருக்குப் பரிந்துரைக்கப்படுவதோ எட்டு முதல் பத்து மணித்தியாலம். சனி இரவு ஒரு மணிக்கு உறங்கி ஞாயிறு ஒன்பதுக்கு எழுகிறாள். இந்த இரண்டு உறக்கங்களின் நடுப்புள்ளியைக் குறித்துப் பாருங்கள்: பாடசாலை நாளில் அது இரண்டே முக்கால், ஞாயிறன்று ஐந்து மணி. இடைவெளி இரண்டேகால் மணித்தியாலம். வாரந்தோறும் விமானமேறி மேற்கே ஒரு நாட்டுக்குப் போய், திங்கள் விடியுமுன் திரும்பி வந்தவளின் நிலைதான் அவளுடையது. காணொளியில் இரு முகப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுப்புள்ளி இரண்டேமுக்காலிலிருந்து ஐந்துக்கு நழுவுவதை அசைவாகக் காட்டினால், திங்கட்கிழமை முதற்பாடத்தில் அவள் ஏன் கண்ணயர்கிறாள் என்பதை வசனமே இல்லாமல் விளக்கிவிடலாம்.

அவளுக்கான அட்டவணையின் முதல் வரி எழும் நேரம். புத்தகப்பையை இரவே ஒழுங்குசெய்து வைத்தால் ஐந்தே முக்காலுக்கு எழலாம். ஞாயிறன்று ஆறே முக்காலைத் தாண்டக் கூடாது. இரண்டாம் வரி வெளிச்சம்: கிணற்றடியில் முகம் கழுவுவதும் சைக்கிளில் பாடசாலைக்குப் போவதும் போதுமானவை, பாடசாலை வேனில் மூடிய கண்ணாடிக்குள் அமர்ந்து செல்லும் பிள்ளைக்கு மட்டும் முற்றத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். மூன்றாம் வரி கடைசித் தேநீர். தேநீரிலுள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும் என்பதால், ஒன்பது மணிக் குடியின் பாதி நள்ளிரவு இரண்டு மணிக்கும் அவளுக்குள் இருக்கிறது. அதை மாலை நான்கு மணிக்கு முன் நகர்த்த வேண்டும். நான்காம் வரி கைத்தொலைபேசியை இரவில் எங்கே வைத்தாள் என்பது. திரையின் ஒளியைப் பற்றி அளவுக்கு மீறி அச்சமூட்ட வேண்டாம். ஒளியின் பங்கு உண்மைதான், ஆயினும் முடிவில்லாமல் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும் காணொளிகள் விழுங்கும் நேரம்தான் பெரிய இழப்பு. ஆகவே ஒளியைக் குறைக்கும் செயலியைவிட, தொலைபேசியை அம்மாவின் அறையில் மின்னேற்ற வைப்பது மேல். (அம்மாவின் தொலைபேசியும் அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது.)

படுக்கும் நேரம் ஐந்தாம் வரியாகத்தான் வருகிறது. பன்னிரண்டிலிருந்து மூன்று இரவுகளுக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் முன்னே நகர்த்தினால், ஏழு நகர்வுகளில், அதாவது மூன்று வாரங்களில், பத்தேகாலை அடையலாம். பத்தேகாலிலிருந்து ஐந்தேமுக்கால் வரை ஏழரை மணித்தியாலம். இரண்டேகால் மணிபோல், ரியூசனுக்குப் போகுமுன், அரை மணித்தியாலம் கண்ணயர்ந்தால் எட்டு நிறையும். அந்தப் பகலுறக்கம் நீளக் கூடாது. மூன்று மணிக்குப் பின் உறங்கினால் இரவுக்கெனச் சேர்ந்த உறக்கத் தேவையை அது கரைத்துவிடும். அசைவுப்படத்தில் ஒரு சிக்கல் உண்டு: 24 மணித்தியால முகப்பில் கால் மணித்தியாலம் என்பது நான்கு பாகைக்கும் குறைவான கோணம், சிறு திரையில் கண்ணுக்குத் தெரியாது. எனவே அந்த இடத்தில் மட்டும் இரவுப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

அட்டவணையில் “உறங்கிய நேரம்” என்று கேட்காதீர்கள். தான் எந்த நிமிடத்தில் உறங்கினான் என்பது எவருக்கும் தெரியாது, அதைக் கவனிக்க முயல்பவனுக்கு உறக்கமும் வராது. “விளக்கணைத்த நேரம்” என்று கேளுங்கள். இரவில் அல்லாமல் மறுநாள் காலையில் நிரப்பச் சொல்லுங்கள். வகுப்பில் ஒப்பிட்டுப் பரிசளிக்கவும் வேண்டாம். பரிசுக்காக எழுதப்படும் அட்டவணையில் எல்லோரும் ஒன்பதரைக்கே விளக்கணைத்திருப்பார்கள். வயல் வேலைக்காக வீடு நான்கு மணிக்கே விழிக்கும் நாள்களிலும், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டும் நாள்களிலும் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். மறுநாள் எழும் நேரத்தை மட்டும் காப்பாற்றினால் போதும்.

உரத்த குறட்டை இடையிடையே நின்று மூச்சுத் திணறலோடு தொடரும் பிள்ளைக்கும், போதிய நேரம் உறங்கியும் பகலில் கண்ணைத் திறக்க முடியாத பிள்ளைக்கும், கெட்ட கனவுகளாலோ நீங்காத துயரத்தாலோ உறக்கம் கலையும் பிள்ளைக்கும் இந்த அட்டவணை மருந்தன்று. அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்று காணொளியின் இறுதியில் ஒரு வசனம் கட்டாயம் இருக்கட்டும்.

ஏனைய பிள்ளைகளுக்கு மூன்று வாரம் கழித்து இரண்டைப் பார்த்தால் போதும்: அலாரம் அடிக்கும்போது எளிதாக எழ முடிகிறதா, ஞாயிறன்று யாரும் எழுப்பாமல் விட்டாலும் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் விழிப்பு வருகிறதா என்று. இரண்டும் ஆமென்றால் அட்டவணையைக் கழற்றிவிடலாம். ஞாயிறு விழிப்பு இன்னும் எட்டரை, ஒன்பது என்று நீண்டால் உறக்கக் கடன் தீரவில்லை என்று பொருள். எழும் நேரத்தைத் தொடாமல், விளக்கணைக்கும் நேரத்தை மட்டும் மேலும் கால் மணித்தியாலம் முன்னே நகர்த்துங்கள்.