கோவைக்கும் சென்னைக்கும் ஒரே இஃப்தார் நேரமா? | எங்கள் மாடிவீட்டு நோன்பு திறப்பு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். ஒரு அட்டைப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். பச்சை நிறம், மேலே ஒரு பிறை, கீழே பெரிய எழுத்தில் "தமிழகம் முழுவதும் இன்று நோன்பு திறக்கும் நேரம் மாலை 6.20". முழுவதுமாம்! அது எங்கள் சென்னை நேரம். கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எங்களுக்கும் இதுதானா?" என்று போன் செய்து கேட்டாள். கேட்டாளே, அதுவே பெரிய விஷயம். கேட்காமல் அப்படியே வாயில் பேரீச்சம்பழத்தைப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

கணக்கு ரொம்பச் சுலபம், இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். பூமி ஒரு டிகிரி சுற்ற 4 நிமிடம் ஆகிறது. சென்னை இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 80.3 டிகிரியில், கோவை 77 டிகிரியில். நடுவில் 3.3 டிகிரி, நாலால் பெருக்கினால் 13 நிமிடம். அதாவது சென்னையில் சூரியன் மறைந்து 13 நிமிடம் கழித்துத்தான் கோவையில் மறைகிறது. கோவை நேரத்தை வைத்து சென்னையில் திறந்தால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது, வீணாகத் தாமதம், அவ்வளவுதான். ஆனால் சென்னை நேரத்துக்கு கோவையில் திறந்தால் சூரியன் இன்னும் அடிவானத்துக்கு மேலேதான் இருக்கிறது. பகல் முழுக்க இருந்த நோன்பு போய்விடும், அதை மறுபடி வைக்க வேண்டும். இந்த மார்ச் மாதத்தில் இரவும் பகலும் ஏறக்குறையச் சமம் என்பதால் வடக்கு தெற்கு வித்தியாசம் பெரிதாகச் சேராது, கிழக்கு மேற்குதான் எல்லாம். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் 2 நிமிடம்கூட இல்லை, கன்னியாகுமரிக்கு 11 நிமிடம். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அட்டவணை எதுவோ அதைப் பாருங்கள். அதில் பல இடங்களில் ஜாக்கிரதைக்காக இரண்டு மூன்று நிமிடம் சேர்த்திருப்பார்கள், அதனால் ஆப்பில் வருவதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்தால் குழம்ப வேண்டாம்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால் போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு நோன்பு திறப்பு வைத்தோம். மொத்தம் 18 பேர். அதில் நோன்பு வைத்திருந்தவர்கள் ஏழு பேர்தான். இப்படிக் கலந்து உட்காரும்போது எல்லா வேலையும் அந்த ஒரு நிமிடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. "ஏழு மணிக்கு டின்னர்" என்று கூப்பிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஏழு மணிக்கு வந்தால் அவர்கள் பார்ப்பது பாதி சாப்பிட்ட தட்டுகளைத்தான். நான் எல்லோரிடமும் "ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுங்கள், 6.20க்குச் சூரியன் மறைகிறது, பாங்கு சொன்னதும் எல்லோரும் சேர்ந்து ஒரு பழம் எடுப்போம்" என்று சொன்னேன். ஆறு மணிக்கு மேல் அந்த இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து பேசுவதுதான் அந்த மாலையின் நல்ல பகுதி, அதை யாருக்கும் இல்லாமல் செய்யக் கூடாது.

ஒரு விஷயம். எதிர் வீட்டுப் பையன் ஆறு மணிக்கெல்லாம் பால்கனியிலிருந்து "ஆண்ட்டி, சன் போயிடுச்சு!" என்று கத்தினான். போனது பக்கத்து அடுக்குமாடிக்குப் பின்னால். கணக்கு அடிவானத்துக்குத்தான், கட்டிடத்துக்கு இல்லை. அவனுக்கு துபாய் புர்ஜ் கலீஃபா கதை சொன்னேன், கண் விரிந்துவிட்டது. அங்கே 80ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் 2 நிமிடமும், 150க்கு மேலே இருப்பவர்கள் 3 நிமிடமும் பொறுத்துத்தான் திறக்க வேண்டும் என்று 2011இல் அந்த ஊர் மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள், ஏனென்றால் அவ்வளவு உயரத்தில் சூரியன் இன்னும் தெரியும். நாங்கள் நாலாவது மாடி, எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது சாப்பாடு. என் பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், நோன்பு திறக்கும் மேசையில் பதினைந்து வகை அடுக்குவது எனக்கு ஆகாது. பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, மசால் வடை, புதினாத் துவையல், தர்பூசணி. முடிந்தது. இந்த முறை கறி சேர்க்கவே இல்லை. மூன்றாம் மாடி மாமி சைவம், கீழ்வீட்டு அக்கா தவக்காலம் முடியும்வரை கறி தொடமாட்டார்கள். இந்த 2026ஆம் வருஷம் சாம்பல் புதன் பிப்ரவரி 18, நமக்கு நோன்பு தொடங்கியது அதற்கு மறுநாள், அதனால் அவர்களும் நாங்களும் சேர்ந்தே விரதத்தில் இருக்கிறோம். கொத்துக்கறி இல்லாவிட்டால் கஞ்சிக்கு ருசி இல்லை என்று கமெண்ட் போட வேண்டாம், புதினாவும் தேங்காய்ப்பாலும் இருந்தால் ருசி இருக்கும்.

18 பேருக்கு அளவு சொல்கிறேன். பச்சரிசி நொய் 3 டம்ளர், பாசிப்பருப்பு முக்கால் டம்ளர், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் அரிசிக்கு எட்டு மடங்கு, அதாவது 24 டம்ளர். நம் சாதாரண 200 மில்லி டம்ளர்தான். பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, நாலு பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, ஒரு கை புதினா, ஒரு கை மல்லி வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதித்த பிறகு அரிசியும் பருப்பும். மாமி பூண்டு சேர்க்கமாட்டார் என்பதால் அவருக்குத் தனிச் சின்னப் பாத்திரம். அடி கனமான பாத்திரம் கட்டாயம் வேண்டும், பருப்பு கீழே போய் உட்கார்ந்து அடிபிடிக்கும், அடிபிடித்தால் அந்த வாடை முழுக் கஞ்சிக்கும் ஏறிவிடும். ஒரு தேங்காயின் பாலைக் கடைசியில் ஊற்றி ஒரு சூடு வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

நாலரைக்கு அடுப்பில் ஏற்றி ஐந்தே முக்காலுக்கு இறக்கினேன். இங்கேதான் நிறையப் பேருக்குக் கெட்டுப்போகிறது. இறக்கும்போது சரியாக இருக்கும் கஞ்சி, 6.20க்குப் பரிமாறும்போது களி மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் நொய் இறக்கிய பிறகும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கரண்டியில் எடுத்து ஊற்றிப் பாருங்கள், கம்பியாக விழ வேண்டும், கட்டியாகத் தொப்பென்று விழுந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தளர்த்துங்கள். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது, கஞ்சியும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கும். நான் ஒரு கெட்டில் வெந்நீர் பக்கத்திலேயே வைத்திருந்தேன், இரண்டு டம்ளர் செலவானது.

அய்யோ, உப்பு! சொல்லவே மறந்துவிட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு சமைப்பவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு வராது. கீழ்வீட்டு அக்கா ஐந்தரைக்கே மேலே வந்து, "நான் இருக்கேன்ல, கொடும்மா" என்று கரண்டியை வாங்கி ருசி பார்த்து, இன்னும் அரைக் கரண்டி உப்பு போடச் சொன்னார்கள். அந்தக் கஞ்சி அன்றைக்கு அவ்வளவு சரியாக அமைந்ததற்கு அந்த அரைக் கரண்டிதான் காரணம், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்புறம் பேப்பர் கப். தயவுசெய்து கொதிக்கும் கஞ்சியை மெல்லிய பேப்பர் கப்பில் கொடுக்காதீர்கள். விரல் சுடும், பத்து நிமிடத்தில் அடி ஊறும், அதன் உள்பூச்சு பிளாஸ்டிக். நாலு வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கினோம், ஒவ்வொரு வீட்டு டம்ளருக்கும் அடியில் ஒரு நிற நெயில் பாலிஷ் பொட்டு வைத்தேன். மாமி வீடு சிவப்பு, அக்கா வீடு பச்சை. எல்லா டம்ளரும் அன்றிரவே சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு அதில் இருக்கும் சந்தோஷம் சொல்லி மாளாது, ஒரு பைசா செலவில்லை!

தொழுகைக்குச் சின்ன அறையைக் காலி செய்தோம், பிள்ளைகளின் படிக்கும் அறை, 10 அடிக்கு 10 அடி. தொழும்போது மக்காவை நோக்கி நிற்கும் திசைதான் கிப்லா; சென்னையிலிருந்து அது நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் 18 டிகிரி திரும்ப வேண்டும். போன் காம்பஸை இரும்பு பீரோ பக்கத்தில் வைத்தால் தப்பாகக் காட்டும். பீரோவிடமிருந்து தள்ளி, அறையின் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, சூரியனை வைத்தும் சரிபாருங்கள். மார்ச் நடுவில் சூரியன் மறைவது ஏறக்குறைய நேர் மேற்கில், மூன்று டிகிரிக்குள்தான் வித்தியாசம். மொட்டைமாடியிலிருந்து முந்தின நாளே பார்த்துக்கொண்டேன். எங்கள் சுவர்கள் திசைக்கு நேராக இருப்பதால் வரிசை சாய்வாக வரும். நாலு பேர் நிற்க 8 அடி அகலம், அந்த 8 அடிக்குள் இடது முனையில் நிற்பவர் வலது முனையில் நிற்பவரைவிட இரண்டரை அடி முன்னால் இருப்பார். ஒரு வரிசைக்கு 4 அடி ஆழம் வேண்டும், இரண்டு வரிசைக்கு 8, சாய்வையும் சேர்த்தால் பத்தரை. அறை பத்துதான். நெருக்கியடித்து நின்று, நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதில் ஒருவர் காலில் இன்னொருவர் தலை இடிப்பதைவிட, இரண்டு தடவையாகத் தொழுவது நல்லது என்று முடிவு செய்தேன். மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒரே ஒரு கோடு ஒட்டினேன், உரித்தால் கறை இல்லை.

பாங்கு கேட்டது, பழமும் தண்ணீரும் எடுத்தோம். உடனே நாலு ஆண்கள் மஃரிபுக்குப் போனார்கள். மூன்று ரக்அத் என்பதால் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். அதற்குள் நாங்கள் மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்துவிட்டோம். நாங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆறிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் விருந்தினர் கையைக் கட்டிக்கொண்டு, சாப்பிடலாமா கூடாதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், பாவம். ஆண்கள் வந்து கரண்டியை வாங்கிக்கொள்ள, நாங்கள் மூன்று பெண்கள் உள்ளே போனோம். அடுத்த தொழுகையான இஷாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததால் இரண்டாவது தடவை தொழுவதில் அவசரமே இல்லை.

தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளு செய்வதுதான் இடறும் இடம். ஒரே குளியலறையில் ஏழு பேர் நின்றால் தரை முழுக்க ஈரம், அந்தக் காலோடு விரிப்பில் ஏறுவார்கள். அதனால் முடிந்தவர்களை வீட்டிலேயே ஒளு எடுத்துவிட்டு வரச் சொன்னேன், மீதிப் பேருக்கு பால்கனிக் குழாய், ஒரு மிதியடி, இரண்டு துண்டு.

பிரிஜ்ஜில் மீந்த கஞ்சி இருக்கிறது, அதை சஹருக்கு எப்படிச் சூடுபடுத்துவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வெந்நீர் விட்டு, சின்னத் தீயில், கிளறிக்கொண்டே. மசால் வடைப் பருப்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது அடுத்த வீடியோ. அதற்கு முன்னால் உங்கள் ஊர் தீர்க்கரேகை என்ன, சென்னையிலிருந்து எத்தனை நிமிடம் தள்ளி என்று கணக்குப் போட்டுக் கீழே எழுதுங்கள், அந்தப் பச்சை அட்டையை அனுப்பியவருக்கும் அதையே அனுப்பிவிடுங்கள்.