பாரம் எங்கே உட்காருது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "சார், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியையும் குதிரைக் கழுத்துப்பட்டையையும் போன வீடியோவில் சேர்த்தே சொன்னீங்க. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

பாரம் உடம்புல எந்த இடத்துல உட்காருதுங்கறதுதான் சம்பந்தம். இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.

முதல்ல வண்டி. கட்டட வேலையில நாம பாக்குற வண்டியில சக்கரம் முன்னாடி இருக்கு, கைப்பிடி பின்னாடி, பாரம் நடுவுல. அச்சுலேருந்து கைப்பிடி 150 செ.மீ., பாரத்தோட மையம் 50 செ.மீ.ன்னு வைங்க. 120 கிலோ ஏத்தினா கை தூக்குறது மூணுல ஒரு பங்கு, 40 கிலோ. அதே பாரத்தை 25 செ.மீ.க்கு நகர்த்தினா 20 கிலோதான். நம்ம நெம்புகோல் வீடியோவுல பார்த்த அதே கணக்கு.

சீனாக்காரங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க. ஆள் உயரத்துல பாதி அளவுக்குப் பெரிய சக்கரத்தை வண்டிக்கு நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் பாரம் ஏத்தினாங்க. எடை மொத்தமும் அச்சு மேல. கைக்கு சாயாம பிடிக்கிற வேலையும் தள்ளுற வேலையும்தான். சக்கரம் பெருசுங்கறதால மேடுபள்ளத்துலயும் சுலபமா ஏறும். ஆனா ரெண்டு பக்கமும் எடை ஒத்துப்போகணும், இல்லேன்னா சாயறதைத் தாங்கித் தாங்கியே ஆள் களைச்சுடுவார்.

இப்போ குதிரை. பட்டை குதிரைக்குப் புது பலம் எதுவும் குடுக்கல. வைக்கோல் திணிச்ச தோல் வளையம் தோள்பட்டை எலும்பு மேல படியுது, மூச்சுக்குழல் மேல இல்ல. குதிரை தோளால தள்ளுது, வண்டி வருது. பழங்காலச் சேணம் குதிரையோட தொண்டையை நெரிச்சுது, பட்டை வந்ததும் இழுவை பல மடங்காச்சுன்னு பிரெஞ்சு ராணுவ அதிகாரி லெஃபெவ்ர் தெ நோயெத் சொன்ன கணக்கு இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. 1970கள்ல பிரெஞ்சு ஆய்வாளர் ழான் ஸ்ப்ரூயித் பழைய சேணங்களைச் செஞ்சு குதிரையில பூட்டிப் பார்த்தப்போ அப்படி நெரிக்கல. அதனால அந்த மடங்குக் கணக்கை நம்பாதீங்க. பட்டையோட நிஜ லாபம், கனமான ஏரையும் வண்டியையும் நாள் முழுக்க நிதானமா இழுக்க முடியுதுங்கறது.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: பட்டை சரியா பொருந்தியிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? குதிரை நிமிர்ந்து நிக்கறப்போ, பட்டையோட அடிப்பக்கத்துக்கும் தொண்டைக்கும் நடுவுல உள்ளங்கை தட்டையா நுழையணும். நுழையலேன்னா மூச்சு முட்டும். ரொம்ப தளர்வா இருந்தா பட்டை ஆடி ஆடி தோலை உரசிப் புண்ணாக்கும். இழுவை வார் மாட்டுற இடமும் முக்கியம். அது ரொம்ப மேல இருந்தா இழுக்கறப்போ பட்டை மேலேறி தொண்டையை அமுக்கும், ரொம்ப கீழ இருந்தா தோள் மூட்டுல குத்தும். உழவு சீசன்ல குதிரை இளைக்கும், அப்போ உள்ள ஒரு மெத்தை சேர்க்கணும். வேலை முடிஞ்சு பட்டையைக் கழட்டினதும் வேர்வைத் தடத்தைப் பாருங்க. ஒரே சீரா ஈரமா இருந்தா நல்லது. நடுவுல ஒரு திட்டு மட்டும் காய்ஞ்சிருந்தா அங்க அழுத்தம் அதிகம். மறுநாள் பூட்டறதுக்கு முன்னாடியே அதைச் சரி பண்ணிடணும்.