குதிக்கும் முன்னும் பின்னும் இடுப்பு என்ன செய்கிறது

நண்பர்களே, வணக்கம். அனிமேஷன் பழகுகிறவர்கள் செய்கிற குதிப்புக் காட்சிகளில் அடிக்கடி கேட்கிற குறை ஒன்றுதான்: "ஆள் மிதக்கிறான், எடையே தெரியவில்லை." உடனே என்ன செய்கிறோம், காற்றில் இருக்கும் ஃபிரேம்களைக் குறைக்கிறோம், உடம்பை இன்னும் இழுத்து நீட்டுகிறோம், தலைமுடியைக் கொஞ்சம் ஆட்டிவிடுகிறோம். அப்படியும் மிதக்கிறான். ஏனென்றால் குதிக்கும் முன் குனிந்து தயாராகும் ஆன்டிசிபேஷன், உடம்பு அமுங்கி நீளும் ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச், உடம்பு நின்ற பிறகும் மற்ற பாகங்கள் அசைந்து அடங்கும் ஃபாலோ த்ரூ என்று மூன்றையும் தனித்தனி அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம். கால் தரையைத் தள்ளுவதும் தரை காலைத் தடுப்பதும் உடம்பில் எப்படித் தெரிகின்றன என்பதைத்தான் இந்த மூன்றும் காட்டுகின்றன. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு குதிப்பை எடுத்து, இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

நொடிக்கு 24 ஃபிரேம். நின்ற இடத்திலிருந்து ஓர் ஆள் குதிக்கிறான். கால் விரல் தரையை விட்டபிறகு இடுப்பு 50 செ.மீ. மேலே போகிறது. புவியீர்ப்பு இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.32 நொடி, அதாவது ஏறக்குறைய 8 ஃபிரேம். இறங்கவும் அதே 8. இதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. உயரத்தை முடிவு செய்த அந்த நிமிடமே நேரமும் முடிவாகிவிடுகிறது. கார்ட்டூனில் வேண்டுமென்றே இதை மீறலாம், ஆனால் எதை மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும்.

உச்சியிலிருந்து இறங்கும்போது ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால் முதல் ஃபிரேமில் இடுப்பு ஒரு செ.மீ. கூட இறங்காது. நான்காவது ஃபிரேமில்தான் 12.5 செ.மீ. இறங்கியிருக்கும், எட்டாவதில் 50. அதாவது காற்றில் இருக்கும் நேரத்தில் பாதி, உச்சியை ஒட்டிய கால்வாசி உயரத்திலேயே கழிந்துவிடுகிறது. மீதி நேரம் முழுக்க வேகம்.

சரி, மிதப்பு எங்கிருந்து வருகிறது? கிளம்பும் இடம், உச்சி, தரை தொடும் இடம் என்று இடுப்பின் நிலையைக் குறித்து மூன்று கீ வைக்கிறோம். மென்பொருள் தானாகவே, நேரத்தோடு இடுப்பின் உயரம் மாறுவதைக் காட்டும் கோட்டை வளைத்து, கிளம்பும் இடத்திலும் தரை தொடும் இடத்திலும் அதைப் படுக்க வைத்துவிடுகிறது. அப்படியானால் ஆள் தரைக்குப் பக்கத்தில் வரும்போது வேகம் குறைகிறது. விழுகிற எந்தப் பொருளும் தரையைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைப்பதில்லை. கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். அந்தக் கோட்டைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில், அந்த இரண்டு கீகளிலும் கோட்டின் சாய்வை மாற்றும் கைப்பிடிகளை இருபுறமும் தனித்தனியாக உடைத்து, கோட்டைச் சரிவாக நிமிர்த்த வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால் கைப்பிடியின் நீளம் கீகளுக்கு இடையே உள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிளம்பும் இடத்தில் அதன் நுனி மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை எழும்பியிருக்க வேண்டும், தரை தொடும் பக்கம் அதன் மறுபிம்பம். உச்சியில் மட்டும் கைப்பிடி படுத்தே இருக்கட்டும்.

இப்போது ஆன்டிசிபேஷன். ஆள் குனிகிறான், கைகள் பின்னால் போகின்றன, இதெல்லாம் எல்லோரும் செய்கிறோம். எவ்வளவு குனிய வேண்டும், எத்தனை ஃபிரேமில் எழ வேண்டும் என்பதைத்தான் பலரும் குத்துமதிப்பாக வைக்கிறோம். இதற்கு ஓர் எளிய விகிதம் இருக்கிறது. குனிந்த ஆழத்துக்கும் குதிக்கும் உயரத்துக்கும் என்ன விகிதமோ, தரையைத் தள்ளும் நேரத்துக்கும் மேலே ஏறும் நேரத்துக்கும் ஏறத்தாழ அதே விகிதம்தான். நம் ஆளின் இடுப்பு, அடியிலிருந்து கால் விரல் தரையை விடும் உயரம்வரை 30 செ.மீ. எழுகிறது என்று வையுங்கள். 30க்கு 50 என்றால், 8 ஃபிரேமில் கிட்டத்தட்ட 5 ஃபிரேம். வெறும் 5 செ.மீ. முழங்காலை மடித்துவிட்டு 50 செ.மீ. பறந்தால் அந்த நேரம் ஒரு ஃபிரேமுக்கும் குறைவாகிவிடும். யாரோ மேலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி இருப்பது அதனால்தான்.

கீழே போவதற்கு அவசரம் வேண்டாம். 1ஆவது ஃபிரேமில் நிற்கிறான், 11இல் குனிந்துவிட்டான், 14 வரை அங்கேயே லேசாக இன்னும் கொஞ்சம் அமுங்குகிறான். இந்த மூன்று ஃபிரேமில் பார்ப்பவர் கண் தயாராகிறது. அதைப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் என்று இழுத்தால் சேர்த்த விசை வடிந்துபோனதாகத் தெரியும், பிறகு வருகிற குதிப்பு நம்பும்படியாக இருக்காது. 14இலிருந்து 19க்குள் முதலில் இடுப்பு, அடுத்து மார்பு, கைகளின் வீச்சு, கடைசியில் கணுக்கால் என்று நிமிர்ந்து, 19இல் விரல் நுனி மட்டும் தரையில். பறக்கும் நேரத்தை இங்கிருந்துதான் எண்ண வேண்டும். இடுப்பு எழத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து எண்ணினால் எல்லாக் கணக்கும் பிசகும்.

ஸ்ட்ரெட்ச் எங்கே வர வேண்டும்? வேகம் எங்கே அதிகமோ அங்கே. 18இலிருந்து 20 வரை நீளட்டும், 23க்குள் இயல்பான உருவத்துக்கு வந்துவிடட்டும், உச்சியான 27இல் நீட்சியே கூடாது. உச்சியில் நீட்டி வைப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன், போஸ் அழகாக இருக்கிறது என்பதற்காக. அங்கே வேகமே இல்லாததால் உடம்பு ரப்பர் மாதிரி தெரிகிறது. மறுபடி 32இலிருந்து நீளத் தொடங்கி 35இல் கால் தரையைத் தொடும்.

அந்த 35ஆவது ஃபிரேமில் ஸ்குவாஷ் வைக்காதீர்கள். கால் தரையில் பட்டிருக்கிறது, உடம்பு இன்னும் நீண்டே இருக்கிறது. அப்படி ஒரு ஃபிரேம் இருந்தால்தான் அடுத்து வரும் அமுக்கம் அடியாக விழும். இறங்கும்போது இடுப்பு 20 செ.மீ. அமுங்குகிறது என்றால், அதே விகிதப்படி 3 ஃபிரேம், 38இல் மிகத் தாழ்ந்த நிலை. அங்கே உயரத்தை 0.8ஆகக் குறைத்தால் அகலத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஆள் சிறுத்துப்போவான். கையால் வரையும் படத்தில் அகலம் 1.25 மடங்கு; முப்பரிமாண ரிக்கில் அகலம், முன்பின் கனம் இரண்டும் சேர்ந்து விரிவதால் ஒவ்வொன்றும் 1.12 போதும். இயல்பான மனித உருவம் என்றால் இந்த அளவு மாற்றமே வேண்டாம், கை கால் முதுகு மடிவதும் நிமிர்வதுமே ஸ்குவாஷ், ஸ்ட்ரெட்ச் இரண்டின் வேலையையும் செய்துவிடும்.

அப்புறம் ஃபாலோ த்ரூ. இடுப்பு 38இல் நின்றுவிட்டது, மார்பு 40வரை இறங்கட்டும், தலை 42வரை. பின்னல் போட்ட முடி இருந்தால் அதில்தான் எனக்கு ஆசை அதிகம். கிளம்பும்போது கீழே இழுபடுகிறது. உச்சியில் உடம்பு தயங்கும் நேரத்தில் முடி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. விழும்போது தலைக்கு மேலே நிற்கிறது. கால் தரையைத் தொட்ட பிறகும் சில ஃபிரேம் மேலேயேதான் இருக்கும், பிறகு கீழே விசிறி, தன் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி அடங்கும். பின்னலின் ஒவ்வொரு இணைப்பையும் முந்தையதைவிட 2 ஃபிரேம் தாமதமாக்கலாம். ஆனால் கீகளை நகர்த்தினால் மட்டும் போதாது, நுனிக்குப் போகப் போக வீச்சும் பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் முடி, கம்பியில் கோத்த மணிகள் போல அசையும்.

கணினி விளையாட்டுக்குச் செய்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பொத்தானை அழுத்திய பிறகு 18 ஃபிரேம் குனிந்து எழுந்தால் ஆடுபவர் எரிச்சலாகிவிடுவார். அங்கே ஆன்டிசிபேஷனை ஒன்றிரண்டு ஃபிரேமாக வெட்டிவிட்டு, கிளம்பும் ஸ்ட்ரெட்சையும் இறங்கிய பிறகு வரும் அமுக்கத்தையும் முடியின் அசைவையும் கூட்டுங்கள். இறங்கிய பிறகு வரும் அசைவை, அடுத்த பொத்தான் அழுத்தப்பட்டால் நடுவிலேயே விட்டு வேறு அசைவுக்குப் போக முடிகிற மாதிரியும் அமைத்துவிடுங்கள்.