கையில் எவ்வளவு, கணக்கில் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

மாதச் சம்பளம் சேமிப்புக் கணக்கில் வந்து விழுகிறது. கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி உண்டு, சட்டைப்பையில் இருக்கும் பணத்துக்குக் கிடையாது. ஆனால் அன்றாடச் செலவுக்கு ரொக்கம்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டால் வட்டி போகிறது. வாராவாரம், நாளொரு தடவை என்று எடுத்தால் வங்கிக்கு நடந்தே பொழுது போகிறது. அப்படியானால் மாதத்துக்கு எத்தனை தடவை போவது சரி? இன்றைக்கு இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு விடை கண்ட வழி, பொருட்களின் இருப்புக் கணக்கிலிருந்து வந்தது. ஒரு தொழிற்சாலை தனக்கு வேண்டிய உதிரிபாகத்தை ஒரே தடவையில் நிறைய வாங்கினால் கிடங்கில் முதல் முடங்கும். சிறிது சிறிதாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ஆர்டர் கொடுக்கும் செலவு ஏறும். இரண்டுக்கும் நடுவில் எந்த அளவு சிக்கனம் என்று 1913இலேயே ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் சூத்திரம் எழுதிவிட்டார். ரொக்கமும் ஒருவகைச் சரக்கு இருப்புதான் என்று பார்த்து, 1952இல் வில்லியம் பௌமல் அதே கணக்கைப் பணத்துக்குப் போட்டார். 1956இல் ஜேம்ஸ் டோபின் அதை வேறொரு கோணத்திலிருந்து நுணுக்கமாக எழுதினார். அதனால் இதைப் பௌமல்-டோபின் மாதிரி என்கிறோம். இவர்களுக்கு முன்பே, 1947இல், பிரான்சின் மோரிஸ் அலே இதே முடிவுக்கு வந்திருந்தார். 1989இல் பௌமலும் டோபினும் சேர்ந்தே எழுதி, முதலில் கண்டவர் அவர்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சரி, கணக்குக்கு வருவோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், நான் வெறும் எண்களாகவே சொல்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நல்லது.

ஒருவருக்கு மாதச் செலவு 24,000. அதை அவர் நாளுக்கு நாள் ஒரே சீராகச் செலவழிக்கிறார். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, அதாவது மாதத்துக்கு அரை சதவீதம். ஒரு தடவை வங்கிக்குப் போய் வர 15 ஆகிறது. இந்த 15இல் போக்குவரத்து, காத்திருக்கும் நேரத்தின் மதிப்பு, ஒவ்வொரு தடவைக்கும் பிடிக்கும் கட்டணம் எல்லாம் அடக்கம். எடுக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஒரு கட்டணம் இருந்தால் அதை இதில் சேர்க்கக்கூடாது. எத்தனை தடவையாகப் பிரித்து எடுத்தாலும் மாதக் கடைசியில் எடுத்தது 24,000தான், சதவீதக் கட்டணமும் மாறாது. தடவைக்குத் தடவை விழும் செலவு மட்டுமே முடிவை மாற்றும்.

அடுத்து, வட்டி எவ்வளவு போகிறது? கல்லூரி மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. முதல் நாளே 24,000ஐயும் எடுத்துவிட்டால், 24,000க்கும் மாதம் முழுக்க வட்டி போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். அப்படியில்லை. முதல் நாள் கையில் 24,000 இருக்கும், பாதி மாதத்தில் 12,000, கடைசி நாளில் ஒன்றும் இருக்காது. சராசரி இருப்பு 12,000. வட்டி இழப்பும் அந்த 12,000க்குத்தான், அதாவது 60. எடுக்கும் தொகையில் பாதிதான் சராசரி கையிருப்பு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தடவை போனால் வட்டி இழப்பு 60, போய்வரும் செலவு 15, மொத்தம் 75. இரண்டு தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 12,000, சராசரி கையிருப்பு 6,000, வட்டி இழப்பு 30. போய்வர இன்னொரு 30. மொத்தம் 60. மூன்று தடவை போனால் வட்டி இழப்பு 20ஆகக் குறைகிறது, ஆனால் நடைக்கு 45 ஆகிறது, மொத்தம் 65. நான்கு தடவையென்றால் வட்டி 15, நடை 60, மறுபடியும் 75க்கே வந்து நிற்கிறோம். ஆக, இரண்டு தடவை போவதுதான் சிக்கனம்.

இதையே வேறு விதமாகப் பார்த்தால் காரணம் தெளிவாகும். ஒன்றிலிருந்து இரண்டு தடவைக்கு மாறும்போது மிச்சமாகும் வட்டி 30. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறினால் மிச்சம் 10தான். மூன்றிலிருந்து நான்குக்கு வெறும் 5. ஒவ்வொரு கூடுதல் நடைக்கும் செலவு மட்டும் அதே 15. முதல் மாற்றத்தில் 15 போட்டு 30 மிச்சம், அது லாபம். அடுத்ததில் 15 போட்டு 10 மிச்சம், அது நஷ்டம். அதனால் இரண்டில் நின்றுவிட வேண்டியதுதான்.

இரண்டு தடவை போகும்போது வட்டி இழப்பும் 30, நடைச் செலவும் 30 என்று சமமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் இல்லை. மிகச் சிக்கனமான புள்ளியில் இரண்டும் எப்போதும் சமம்தான். நடையின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் முன்பின்னாக வரும், அவ்வளவுதான். சூத்திரமும் இந்தச் சமத்திலிருந்தே கிடைக்கிறது: மாதச் செலவை வட்டி வீதத்தால் பெருக்கி, ஒரு நடைச் செலவின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். நம் எண்களைப் போட்டால் 24,000ஐ அரை சதவீதத்தால் பெருக்க 120, அதை 30ஆல் வகுக்க 4, வர்க்கமூலம் 2.

இந்த வர்க்கமூலத்துக்குப் பெரிய விளைவுகள் உண்டு. நம்மவரைப் போலவே மாதம் 24,000 செலவழிக்கும் நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் சராசரி கையிருப்பும் 6,000, நால்வருக்கும் சேர்த்து 24,000. இப்போது தனியொருவராக 96,000 செலவழிப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் நான்கு தடவை போவார், தடவைக்கு 24,000 எடுப்பார், சராசரி கையிருப்பு 12,000. மொத்தச் செலவு இரண்டு இடத்திலும் ஒன்றே, ஆனால் ரொக்கத் தேவை பாதியாகிவிட்டது. ஒரு நாட்டில் மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அது எத்தனை பேர் கையில் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதும் ரொக்கத் தேவையைத் தீர்மானிக்கிறது.

விலைவாசி இரு மடங்கானால் கதை வேறு. அப்போது மாதச் செலவு இரு மடங்கு, நடைச் செலவும் இரு மடங்கு. வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போவதால் நடையின் எண்ணிக்கை மாறாது, கையிருப்பு மட்டும் சரியாக இரு மடங்காகும். விலை ஏறியதால் செலவு கூடியதையும், வாங்கும் பொருள் பெருகியதால் செலவு கூடியதையும் இந்த மாதிரி இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டுகிறது.

வட்டி மாறினால் என்ன ஆகும்? அன்றாடச் செலவுக்கான ரொக்கத் தேவையை வருமானத்தோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதுதான் முன்பெல்லாம் வழக்கம். அதிலும் வட்டிக்குப் பங்குண்டு என்று காட்டியதுதான் பௌமலும் டோபினும் செய்த வேலை. சூத்திரப்படி வட்டி 1 சதவீதம் உயர்ந்தால் கையிருப்பு ஏறக்குறைய அரை சதவீதம் குறைய வேண்டும். அதாவது வீதம் 6 என்பது 6.06 ஆனால், 6,000 என்பது கிட்டத்தட்ட 5,970 ஆக வேண்டும்.

ஆனால் நம்மவர் அப்படி நடந்துகொள்வாரா? மூன்றாவது நடையால் சராசரி கையிருப்பு 6,000இலிருந்து 4,000ஆகக் குறைகிறது. அந்த 2,000க்குக் கிடைக்கும் வட்டி 15ஐத் தாண்டினால்தான் அந்த நடைக்கு அர்த்தம். அதற்கு மாத வட்டி முக்கால் சதவீதம், அதாவது ஆண்டுக்கு 9 சதவீதம் ஆக வேண்டும். கீழ்ப் பக்கம் பார்த்தால், வட்டி ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அவர் ஒரே நடைக்கு மாறுவார். ஆக 3க்கும் 9க்கும் நடுவில் வட்டி எங்கே இருந்தாலும் அவருக்கு இரண்டு நடைதான். இன்னும் குறைவாகச் செலவழிப்பவரைப் பாருங்கள். 6 சதவீத வட்டியில், மாதச் செலவு 12,000க்கும் குறைவாக இருப்பவருக்கு மொத்தத்தையும் ஒரே தடவையாக எடுப்பதே சிக்கனம். அவர் கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் அளவில் அதுதான் சரியான விடை.

அப்படியென்றால் அந்த அரை சதவீதம் எங்கிருந்து வருகிறது? கூட்டத்திலிருந்து வருகிறது. ஒருவருக்கு 9 சதவீதத்தில் நடை கூடும், இன்னொருவருக்கு 6.1இல், வேறொருவருக்கு 7இல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் படிக்கட்டு. லட்சக்கணக்கான படிக்கட்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சீரான கோடு தெரிகிறது. ஒரு வீட்டின் கணக்கைப் பார்த்துவிட்டு, வட்டிக்கும் ரொக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு நடைக்கு 60, மூன்று நடைக்கு 65. வித்தியாசம் 5தான். அடிப்பகுதி இவ்வளவு தட்டையாக இருக்கும்போது, தவறிப்போய் மூன்று தடவை போகிறவருக்குத் திருந்துவதற்கு அவசியமே வராது. அதனால் தனி ஆள் சூத்திரத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த மாதிரி எங்கே தடுமாறுகிறது என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பணம் எடுக்கப் போகும் நேரத்தில் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். மாதிரிப்படி, கடைசிக் காசும் தீர்ந்த பிறகுதான் போக வேண்டும், மிச்சம் பூஜ்யம். சராசரி கையிருப்பும் எடுக்கும் தொகையில் சரிபாதியாக இருக்க வேண்டும். இத்தாலியக் குடும்பங்களின் விவரங்களை வைத்து ஆல்வரெஸ், லிப்பி என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி இல்லை. ஆட்கள் கையில் பணம் இருக்கும்போதே மறுபடி எடுக்கிறார்கள், சராசரி இருப்பும் பாதிக்கு மேல் இருக்கிறது. அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது: வேறு வேலையாகப் போகும் வழியில் ஏடிஎம் கண்ணில் பட்டால், அந்த நடைக்குச் செலவே இல்லை. செலவில்லாத வாய்ப்பு கிடைத்தால், கையில் மிச்சம் இருந்தாலும் எடுத்துக்கொள்வதுதானே இயல்பு. கணக்கின் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. 15 என்று நாம் நிலையாக வைத்த எண்தான் சில நேரம் பூஜ்யமாகிவிடுகிறது.

வரவு செலவு இரண்டுமே கணிக்க முடியாமல் ஏறி இறங்கும் நிறுவனங்களுக்கு, சீரான செலவு என்ற அடிப்படையே பொருந்தாது. அவற்றுக்காக மெர்டன் மில்லரும் டேனியல் ஓரும் 1966இல் வேறொரு மாதிரி அமைத்தார்கள். அதில் இருப்புக்கு ஒரு மேல் வரம்பு, ஒரு கீழ் வரம்பு. இருப்பு இரண்டில் எதைத் தொட்டாலும், கீழ் வரம்பிலிருந்து, இரண்டுக்கும் இடையேயான இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும் ஒரு புள்ளிக்கு அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நடுவில் எப்படி அலைந்தாலும் கை வைக்க வேண்டியதில்லை. அங்கேயும் எடைபோடுவது அதே இரண்டைத்தான்: போகும் வட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் செலவு.

நன்றி. வணக்கம்.