மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்

நண்பர்களே, வணக்கம். மழையும் பலமாகப் பெய்கிறது, காற்றும் பலமாக வீசுகிறது. தமிழில் பலத்த மழை, பலத்த காற்று என்று ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. மழை 'ஹெவி ரெயின்', காற்று 'ஸ்ட்ராங் விண்ட்'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் இலக்கணப்படி தப்பில்லை, பொருளும் புரியும். ஆனாலும் ஆங்கிலேயர் காதில் இடறும். ஏன் என்று கேட்டால் அவரும் திருதிருவென்றுதான் விழிப்பார். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்கிற இந்தப் பழக்கத்தைத்தான் சொற்சேர்க்கை என்கிறார்கள்.

மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே 1966-இல் இதைத் தேநீரை வைத்தே காட்டினார். தேநீர் 'ஸ்ட்ராங்', கார் 'பவர்ஃபுல்'. இடம் மாற்றினால் ஒட்டாது. ஆனால் ஒரு வாதத்தை, அதாவது 'ஆர்க்யுமென்ட்'டை, இரண்டு சொல்லாலும் சொல்லலாம். ஆக, பொருள் மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. குடியில் இன்னும் வேடிக்கை: சரக்கு 'ஸ்ட்ராங் டிரிங்க்', அதை அளவில்லாமல் குடிக்கிறவர் 'ஹெவி டிரிங்கர்'.

சரி, இதே சிக்கல் வினைச்சொல்லிலும் உண்டு, 'மேக்', 'டூ' விஷயத்துக்கு வருவோம். நமக்குப் 'பண்ணு' ஒன்றே போதும். தப்பு பண்ணினேன், வேலை பண்ணினேன். அந்தப் பழக்கத்தில்தான் 'டிட் எ மிஸ்டேக்' வந்துவிடுகிறது. அங்கே வர வேண்டியது 'மேட்'. வகுப்பில் ஒரு விதி சொல்வார்கள்: புதிதாக ஒன்றை உருவாக்கினால் 'மேக்', வெறும் செயலென்றால் 'டூ'. கேக்குக்கும் வீட்டுப்பாடத்துக்கும் சரியாக வரும். 'மேக் தி பெட்' என்று வந்ததும் விதி படுத்துவிடும். அங்கே யாரும் கட்டில் செய்வதில்லை, விரிப்பை ஒழுங்காக விரிக்கிறார்கள். ஓவியம் புதிதாகப் பிறக்கிற பொருள்தானே, அதற்கு 'டூ எ டிராயிங்' என்பதும் சகஜம். சத்தம் போட்டால் 'மேக் எ நாய்ஸ்', சேதம் செய்தால் 'டூ டேமேஜ்'. என்னைக் கேட்டால், அந்த விதியை ஆரம்பத்தில் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

நம் மொழி மட்டும் என்ன ஒழுங்கா? வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது. கையெழுத்தும் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம், குட்டித் தூக்கமும் போடுகிறோம். இதற்கெல்லாம் நாம் விதி படித்தோமா?

அப்புறம், எல்லா இடத்திலும் ஒரே விடைதான் என்றும் நினைக்காதீர்கள். அழுத்தமான உச்சரிப்பை 'ஹெவி ஆக்சென்ட்', 'ஸ்ட்ராங் ஆக்சென்ட்' என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். முடிவெடுப்பதற்கு 'மேக் எ டிசிஷன்' எங்கும் செல்லும். பிரிட்டனில் 'டேக்' என்றும் சொல்வதுண்டு.

சந்தேகம் வந்தால் அகராதியில் 'மேக்' பக்கத்தைப் புரட்டாதீர்கள். பத்தி பத்தியாகப் போகும், தலை சுற்றும். பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். 'ரிசர்ச்' எடுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் 'டூ', 'கண்டக்ட்', 'கேரி அவுட்' இருக்கும், 'மேக்' இருக்காது. சொற்சேர்க்கை அகராதி கையில் இருந்தால் இன்னும் சுலபம். பெயர்ச்சொல்லுக்கு அடியில் அதனோடு சேரும் வினைகளையும் அடைமொழிகளையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள்.