ஓய்வுக்கால நிதி எத்தனை ஆண்டு தாங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். பணி ஓய்வின்போது கைக்கு வரும் தொகையை முதலீடு செய்து, அதிலிருந்து மாதந்தோறும் செலவுக்கு எடுத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, எடுக்கும் தொகைக்கும் அந்த மாதம் சேரும் வட்டிக்கும் உள்ள இடைவெளியைத்தான்.

ஒருவரிடம் 40 லட்சம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7.2 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு 0.6 விழுக்காடு வட்டி என்றால், முதல் மாத வட்டி 24,000 ரூபாய். அவர் மாதம் 24,000 மட்டும் எடுத்தால் அசல் குறையவே குறையாது. 30,000 எடுத்தால், முதல் மாதம் அசலில் 6,000 ரூபாய் கரையும்; அடுத்த மாதம் குறைந்த அசலுக்கே வட்டி கிடைப்பதால், கரைவது 6,036 ஆகும். இப்படி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போய், 22 ஆண்டு 5 மாதத்தில் கணக்கு தீர்ந்துவிடும். வட்டியே இல்லாவிட்டால் 11 ஆண்டுதான் வந்திருக்கும்.

இந்தக் கரைதல் சீராக நடப்பதில்லை என்பதுதான் பலர் கவனிக்கத் தவறுவது. பத்தாண்டு முடிவில் இவரிடம் இன்னும் 29 லட்சத்து 50 ஆயிரம் இருக்கும். பாஸ்புக்கைப் பார்ப்பவருக்குப் பெரிய கவலை எழாது. ஆனால், மாதம் 6,000 என்றிருந்த கரைவு அப்போது 12,300 ஆகியிருக்கும். முதல் பாதி கரைய 15 ஆண்டுக்கு மேல் ஆகிறது. மறுபாதிக்கு ஏழு ஆண்டே போதும்.

ஆகவே, செலவைக் குறைப்பதென்றால் தொடக்கத்திலேயே குறைக்க வேண்டும். முதல் மாதத்திலிருந்தே 30,000க்குப் பதிலாக 27,000 எடுத்தால், நிதி 30 ஆண்டைத் தாண்டும். மூவாயிரம் ரூபாய்க்கு எட்டு ஆண்டு கிடைக்கிறது. அதே மூவாயிரத்தை 15 ஆண்டு கழித்துக் குறைத்தால், கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய ஓராண்டுதான்.

இதுவரை சொன்ன கணக்கில் வட்டி மாறவில்லை, விலைவாசியும் ஏறவில்லை. நடைமுறையில் இரண்டும் நம் கையில் இல்லை. வட்டி 6 விழுக்காடாக இருந்தால், அதே 30,000க்கு 18 ஆண்டு 4 மாதம்தான் வரும். வட்டி 7.2 விழுக்காடாகவே நீடித்தாலும், விலைவாசிக்கு ஏற்ப எடுக்கும் தொகையை ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்த்தினால், நிதி பன்னிரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். அறுபது வயதில் ஓய்வு பெற்றவருக்கு அப்போது வயது எழுபத்திரண்டுதான். வட்டிக்கு வருமான வரி கட்ட வேண்டியவர்கள், வரி போக மிஞ்சும் விகிதத்தை வைத்தே இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் பாஸ்புக்கை எடுத்து, சென்ற ஆண்டில் வரவான வட்டியையும் எடுத்த மொத்தத் தொகையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். எடுத்ததில் பாதியைக்கூட வட்டி ஈடுகட்டவில்லை என்றால், இதே 7.2 விழுக்காட்டில், எடுக்கும் தொகையை உயர்த்தாமல் இருந்தால்கூட, மீதமிருப்பது பத்தாண்டுக்கும் குறைவு.